ஐந்து ஊர் எதற்கு, ஒரு காயல் போதும்

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் கைபேசிக்கு ஒரு பயணத் திட்டம் வந்துவிடும். நண்பரோ, நண்பருக்குத் தெரிந்த டிராவல்ஸ்காரரோ அனுப்பியிருப்பார். கேரளா, நான்கு இரவு ஐந்து பகல்: இரண்டு நாள் மூணாறு, ஒரு நாள் தேக்கடி, ஒரு நாள் ஆலப்புழா படகு வீடு. கூடவே கேக், மெழுகுவத்தி விருந்து, பூத்தூவிய கட்டில். விமானக் கட்டணம் சேர்க்காமலே பெரும்பாலும் முப்பதாயிரத்தைத் தொட்டுவிடும்.

இந்தத் திட்டத்தைக் கிலோமீட்டரில் படித்துப் பார்க்க வேண்டும். கொச்சி விமான நிலையத்திலிருந்து மூணாறு சுமார் 110 கிலோமீட்டர், மலைப்பாதையில் நான்கு மணி நேரம். மூணாறிலிருந்து தேக்கடிக்கு வளைவுகளோடு மூன்றரை மணி நேரமாவது ஆகும். தேக்கடியிலிருந்து இறங்கி ஆலப்புழா வர நாலரை மணி நேரம். அங்கிருந்து மறுபடி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆக, பதினான்கு மணி நேரம் காரில். நடுவில் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்வதும் தனி. பத்து நாளாகக் கல்யாண வீட்டில் தூங்காத இருவருக்கு, மலைப்பாதையில் வாந்தி வராமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். ஐந்து நாளும் கூடவே இருக்கும் காருக்கும் ஓட்டுநருக்கும் ஒரு பெரும்பகுதி. ஒவ்வொரு ஊரிலும் ஓரிரு இரவு மட்டும் தங்குவதால் எங்கும் விலை பேசிக் குறைக்க வழியில்லை. ஊர்களைக் குறைத்தால் செலவும் அலைச்சலும் சேர்ந்தே குறையும். இருபத்தைந்தாயிரத்துக்குள் நான்கு இரவு, அதுவும் ஒரே ஊரில், நிதானமாகத் தேனிலவு போக முடியுமா என்பதற்கு ஆலப்புழாவையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பொட்டலத்தில் கடைசி ஒரு நாளாக மட்டும் வந்துபோகும் ஊர் அதுதான்.

ஆலப்புழாவைச் சுற்றியிருப்பது வேம்பநாட்டுக் காயலும் குட்டநாடும். குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. காயலை வரப்பு கட்டித் தடுத்து, உள்ளேயிருக்கும் நீரை இறைத்து வெளியேற்றி, அந்தச் சேற்றில் நடவு செய்கிறார்கள். 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இந்த விவசாய முறையை உலகின் முக்கியமான வேளாண் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. படகில் போகும்போது ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் வயல் கீழே கிடக்கும். நாம் போகும் தண்ணீர் அதற்கு மேலே இருக்கும். கார்த்திகை வாக்கில் விதைக்கும் புஞ்சைப் பயிர் பங்குனி, சித்திரையில் அறுவடையாகும். எனவே தை, மாசி முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்துப் போகிறவர்களுக்கு வயல் முழுக்கப் பச்சையாக இருக்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். தை மாதக் கடைசியில் கல்யாணம். முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மறுவீடு, குலதெய்வம் கோயில், சித்தப்பா வீட்டு விருந்து, பெரியம்மா வீட்டு விருந்து என்று முதல் வாரம் எப்படியும் போய்விடும். இடையில் சொருகிய பயணமாக இருந்தால், படகில் உட்கார்ந்திருக்கும்போதும் “எப்ப வர்றீங்க, பிரியாணிக்குச் சொல்லணும்” என்று போன் வரும். பத்துப் பதினைந்து நாள் தள்ளி, ஒரு ஞாயிறு இரவு கிளம்புவதாகத் திட்டமிடுவது நல்லது. அதில் பணமும் மிச்சமாகும். ஞாயிறு முதல் வியாழன் வரை அறை வாடகையும் படகு வாடகையும் வார இறுதியைவிடக் குறைவு.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆலப்புழாவுக்கு இரவில் நேரடி ரயில் இருக்கிறது. சேலம், ஈரோடு வழியாகப் போய் மறுநாள் முற்பகலில் சேரும். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை எட்டு மணிக்குத் திறக்கும். 2024 நவம்பர் வரை இது 120 நாளாக இருந்தது. கல்யாணத் தேதி எப்படியும் மாதக்கணக்கில் முன்பே தெரியும் என்பதால் அந்த அறுபதாவது நாளை நாள்காட்டியில் குறித்து வைப்பது ஒன்றே வேலை. டிக்கெட்டில் மணமகளின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். கணவர் பெயரைச் சேர்த்து ஆசையாகப் பதிவு செய்துவிட்டு, ஆதாரில் அப்பா பெயரோடு நிற்பவர்கள் டிக்கெட் பரிசோதகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

எந்தப் படுக்கை என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டடுக்கு ஏசியில் நடைபாதையை ஒட்டிய கீழ்ப் படுக்கையும் அதன் மேல்படுக்கையும் சேர்ந்து கிடைத்தால், பகலில் எதிரெதிரே இருவர் மட்டும் உட்காரும் ஜன்னலோர இடம் அது; திரையும் இருக்கும். முதல் வகுப்பு ஏசியில் கதவு பூட்டும் இருவர் கூபே உண்டு என்று நம்பிக் கூடுதல் பணம் கட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: பதிவு செய்யும்போது அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. சார்ட் தயாராகும்போதுதான் கூபேயா, நால்வர் அறையா என்பது தெரியும். சிக்கனம் பார்ப்பவர்களுக்கு மூன்றடுக்கு ஏசி போதும். ஒருவருக்கு ஆயிரத்து நூறு ரூபாய் அளவில் முடியும்.

திங்கள் முற்பகல் இறங்கியதும் நேரே படகு வீட்டுக்கு ஓடுவதுதான் வழக்கம். அதை இங்கே செய்ய வேண்டாம். முதல் இரண்டு இரவு ஒரு ஹோம்ஸ்டேயில். ஆலப்புழா நகரை ஒட்டியும் கால்வாய் ஓரத்திலும் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் குடும்பங்கள் நிறைய. காலைச் சாப்பாட்டோடு, கூட்டமில்லாத நாளில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைக்கும். பதிவு செய்யும்முன் போனில் கேட்க வேண்டியவை மூன்று. அறைக்குத் தனி வாசல் இருக்கிறதா? வீட்டு வாசல் வரை ஆட்டோ வருமா, படகில்தான் வர வேண்டுமா? ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா? முதல் கேள்வி புதுமணத் தம்பதிக்கு முக்கியம். ஹாலில் பெரியவர்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்க, அவர்களைக் கடந்துதான் அறைக்குப் போக வேண்டும் என்றால் மாமியார் வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும்.

அன்று மாலை கடற்கரைக்குப் போகலாம். பழைய பாலத்தின் மிச்சம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் முதல் நாளில் எதுவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்தான் இந்தப் பயணத்தின் சிறந்த செலவு இருக்கிறது. ஆறரை மணிக்கு ஒரு சிறிய வள்ளம், துடுப்புப் போட ஒருவர். படகு வீடுகள் அகலமானவை, குறுகிய கால்வாய்களில் நுழையாது. குட்டநாட்டு மக்களின் வீடு, படித்துறை, பால் வாங்கிக்கொண்டு போகும் படகு, பள்ளிக்கூடப் படகு எல்லாம் அந்தக் குறுகிய கால்வாய்களில்தான். இன்ஜின் இல்லாததால் மீன்கொத்தி இறங்கும் சத்தம்கூடக் கேட்கும். பாத்திரம் தேய்க்கிற பெண் தலைநிமிராமலே ஏதோ சொல்ல, துடுப்புக்காரர் பதில் சொல்லிச் சிரிப்பார். நடுவில் ஏதாவது ஒரு வீட்டில் நிறுத்தி அப்பமோ புட்டோ கொடுக்க ஏற்பாடு செய்வார்கள். மூன்று மணி நேரத்துக்கு, காலைச் சாப்பாட்டோடு, இருவருக்கும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு ரூபாய் அளவில் முடியும். ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறிவிடும் என்பதால் தாமதமாகக் கிளம்பினால் பாதிச் சுகம் போய்விடும்.

அன்று பிற்பகல் உறங்கி எழுந்தபின் தோன்றினால் ஊர்க்காரர்கள் போகும் படகில் ஏறலாம். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை, பேருந்து போலவே படகு விடுகிறது. ஆலப்புழா படகுத்துறையிலிருந்து நெடுமுடி, காவாலம், கோட்டயம் என்று பல தடங்கள். கோட்டயம் வரை முழுதாகப் போனால் சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட் சில பத்து ரூபாய்தான். ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும் காலத்தில் சில தடங்கள் பாதியில் நின்றுவிடுவதால், திரும்பிவரும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்முன் கேட்டுக்கொள்வது நல்லது.

புதன் மதியம் படகு வீடு. மொத்தத் திட்டத்தில் பெரிய ஒற்றைச் செலவு இதுதான், ஏமாற்றமும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. அதனால் அது எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

இப்போது சுற்றுலாவுக்கு ஓடும் இந்தப் படகுகள் ஒரு காலத்தில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்களின் வழியில் வந்தவை. ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்வார்கள். “ஒரு நாள் வாடகை” என்று சொல்வது உண்மையில் மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பது மணி வரை. அதிலும் படகு நகரும் நேரம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டாது. மதியம் கிளம்பி, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையில் கட்டி, மறுபடி சுற்றி, மாலை ஐந்தரை மணியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு காயல் மீனவர்களுடையது. இரவில் அவர்கள் வலை விரித்திருப்பார்கள், இன்ஜின் படகு ஓடினால் வலை அறுந்துபோகும். மறுநாள் காலைச் சாப்பாடு முடித்து ஒரு சுற்று சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இரவெல்லாம் காயலில் மிதந்து போகலாம் என்று நினைத்து ஏறுகிறவர்கள், பக்கத்தில் இன்னும் ஏழெட்டுப் படகுகள் கட்டிய கரையில், ஒருவர் ஜெனரேட்டர் சத்தத்தை இன்னொருவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள்.

இதனால் படகு வீடே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. விரிந்த காயலின் நடுவே மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் சாய்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் காசு கொடுக்கும்முன் பேச்சைத் தெளிவாக முடிக்க வேண்டும். தரகரிடம் பேசினால் வழக்கமாக இப்படிப் போகும்:

“ஏசி உண்டா?”

“உண்டு சார், டீலக்ஸ் போட்.”

“எத்தனை மணிக்குப் போடுவீங்க?”

“நைட்டு ஒன்பது டு காலைல ஆறு.”

கேட்காமல் விட்டிருந்தால் மதிய வெக்கையில் அறைக்குள் போய் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்த பிறகுதான் இது தெரிந்திருக்கும். டீலக்ஸ் என்றால் பெரும்பாலும் இரவு மட்டும் ஏசி. முழு நேர ஏசிக்கு அடுத்த வகைக்குப் போக வேண்டும், வாடகையும் ஏறும். தை, மாசியில் இரவு ஏசியே போதுமானது.

அடுத்தது, தனிப் படகா, இரண்டு அறைப் படகில் ஓர் அறையா என்பது. வாடகை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். அடுத்த அறைக் குடும்பத்தோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டிவரும். ஓர் அறை கொண்ட தனிப் படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து, வார நாளில் எட்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். படகின் பெயரைக் கேட்டு, அதே படகின் அறை, கழிப்பறை இரண்டின் படத்தையும் அனுப்பச் சொல்ல வேண்டும். இணையத்தில் காட்டுவது ஒரு படகு, கரையில் நிற்பது வேறு படகு என்பது அடிக்கடி நடப்பது. முடிந்தால் செவ்வாய்க்கிழமை மாலையே ஆட்டோ பிடித்துப் புன்னமடை படகுத்துறைக்குப் போய், கட்டியிருக்கும் படகுகளில் ஏறிப் பார்த்து, நேரடியாகப் பேசி முடிக்கலாம். தரகர் பங்கு இல்லாததால் விலை குறையும். அதற்காகத்தான் படகை மூன்றாம் இரவுக்கு வைத்தது. இப்படித் துணிந்து போவது வார நாளில், கூட்டமில்லாத மாதத்தில் மட்டும் சரிவரும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் வாடகை இரட்டிப்பாகக்கூட நிற்கும்.

இரவு எங்கே கட்டுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். மற்றப் படகுகளிலிருந்து தள்ளி, ஒரு வயல் ஓரமாகக் கட்டச் சொன்னால் பல ஓட்டுநர்கள் ஒத்துக்கொள்வார்கள். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பார்த்துக்கொள்வது எப்போதும் நல்லது.

உள்ளே ஏறிய பிறகு வரும் சில்லறைச் செலவுகள் மூன்று. வழியில் ஒரு கடையோரம் நிறுத்தி, இறால் வாங்கித் தந்தால் சமைத்துத் தருகிறோம் என்பார்கள். மீன் விலை அங்கே ஊர்ச்சந்தையைவிட அதிகம். சாப்பாட்டில் ஏற்கெனவே வறுத்த மீன் உண்டு, அது கரிமீனா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவைத்தால் போதும். இரண்டாவது, சமையற்காரருக்கும் ஓட்டுநருக்கும் இனாம்; இதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். மூன்றாவது, ‘ஹனிமூன் ஸ்பெஷல்’. கட்டிலில் பூவால் இதயம் வரைவதற்கும் அரைக்கிலோ கேக்குக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கேட்பார்கள். அந்தப் பூவை ஊதிவிட்டுப் படுப்பதற்குள் பாதி எறும்பு வந்திருக்கும். காலையில் ஆலப்புழா கடைத்தெருவில் நாலு முழம் மல்லிகையும் ஒரு பெட்டி இனிப்பும் வாங்கிக்கொண்டு ஏறினால் இருநூறு ரூபாயில் முடியும்.

வியாழன் காலை ஒன்பதுக்குப் படகை விட்டு இறங்கி, அதே ஹோம்ஸ்டேக்கே திரும்பலாம். பெரிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஒரு கைப்பையோடு படகுக்குப் போயிருப்பதால் மூட்டை கட்டும் வேலை இல்லை. அன்று மதியம் தெற்கே 14 கிலோமீட்டரில் அம்பலப்புழா கிருஷ்ணன் கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும், வேட்டி கட்டிப் போனால் எளிது. அங்கே நைவேத்தியமான பால்பாயசம் ஊர் உலகமெல்லாம் பேர் பெற்றது. அளவாகத்தான் செய்வார்கள் என்பதால் கிடைக்குமா என்று காலையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக்குத் திட்டமே இல்லை. பிற்பகல் ரயில், சனி அதிகாலை சென்னை. ஞாயிறு ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் வேலைக்குப் போகலாம்.

கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். ரயில் இருவழியும் இருவருக்கும் 4,400. ஹோம்ஸ்டே மூன்று இரவு 6,000. படகு வீடு 8,000. விடியற்காலை வள்ளம் 1,600. படகில் இருக்கும் நேரம் தவிர்த்த சாப்பாடு 3,500. ஆட்டோ, அரசுப் படகு, இனாம் 1,500. மொத்தம் 25,000 ரூபாய். கைக்காவலாக இன்னும் மூவாயிரம் வைத்துக்கொள்ளலாம். இவை தோராயமான தொகைகள். மாதத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் படகு வீட்டு இரவை எடுத்துவிட்டு, பகலில் மட்டும் சில மணி நேரம் ஷிகாரா எனப்படும் சிறு மோட்டார்ப் படகை எடுக்கலாம். பத்தொன்பதாயிரம், இருபதாயிரத்தில் முடிந்துவிடும். விடியற்காலை வள்ளத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

முகூர்த்தம் எந்த மாதம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். பங்குனி, சித்திரையில் காயல் ஓரம் புழுக்கம் அதிகம். அப்போது முழு நேர ஏசிப் படகுக்குக் கூடுதலாகக் கொடுக்காவிட்டால் பகல் முழுக்க வேர்வைதான். வைகாசிக் கடைசி, ஆனியில் கல்யாணம் செய்கிறவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை எதிரே நிற்கும். அறை வாடகையும் படகு வாடகையும் அப்போதுதான் மிகவும் இறங்கும். திண்ணையில் உட்கார்ந்து மழை பார்ப்பதில் இருவருக்கும் விருப்பம் இருந்தால் அது நல்ல பேரம். ஆனால் பலத்த மழையில் வள்ளம் போகாது, காற்று கடுமையானால் படகு வீடும் கரையிலேயே நிற்கும், வயல்கள் நீருக்குள் இருக்கும். அப்படிக் கிளம்புகிறவர்கள், மழையால் படகு ஓடாவிட்டால் முன்பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஆவணி முகூர்த்தக்காரர்கள் ஓணம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது. அந்த வாரம் கேரளமே விடுமுறையில் ஊர் சுற்றும், ரயிலிலும் இடம் இருக்காது.